தஞ்சாவூர் வீட்டில் பவர்லைன் அடாப்டர்: விளக்கு எரிந்தது, வேகம் வரவில்லை

இந்த முறை ஊருக்கு மூன்று வாரம் போனேன். அதில் இரண்டு வாரம் அங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பதாக ஏற்பாடு. தஞ்சாவூரில் எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு கீழ் ஹாலில் இருக்கிறது. நான் தங்குவது மாடியில், பின்பக்க அறை. நடுவில் கான்கிரீட் தளமும் முக்கால் அடி செங்கல் சுவர்களும் இருப்பதால் வைஃபை அங்கே எட்டாது. அதனால் சிங்கப்பூர் வீட்டில் நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருந்த பவர்லைன் அடாப்டர் ஜோடியைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனேன். மின்சார வயரிலேயே நெட்டைக் கொண்டுபோகும் கருவி அது. ஒன்றை ரவுட்டர் பக்கத்தில் செருகி, இன்னொன்றை வேண்டிய அறையில் செருகி, இரண்டிலும் பட்டனை அழுத்தினால் போதும்.

அழுத்தினேன். ஒரு நிமிடத்துக்குள் இரண்டும் ஜோடி சேர்ந்து விளக்கு நிலையாக எரிந்தது. ஆனால் லேப்டாப்பில் வந்த வேகம் 4 எம்பிபிஎஸ். எங்கள் பிளான் 100. வீடியோ காலில் என் முகம் உறைந்துபோய் நின்றது.

முதலில் ஃபைபர் கம்பெனிக்குத்தான் போன் செய்தோம். அன்று மாலையே ஆள் வந்தார். ரவுட்டரில் நேராகக் கேபிள் போட்டுப் பார்த்தால் 94 வந்தது. "எங்க லைன் சரியா இருக்கு சார், மாடிக்குப் போறது உங்க வயரிங்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி. பிரச்சினை ரவுட்டருக்கு அப்புறம்தான் இருந்தது.

ஜோடி சேருவதும் வேகம் வருவதும் வேறு வேறு விஷயம். இது புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க மிக மெதுவான, மிக உறுதியான ஒரு முறையில் பேசிக்கொள்கின்றன. ஒரே செய்தியைப் பலமுறை திருப்பிச் சொல்லும் முறை அது. எவ்வளவு மோசமான வயரிலும் அது போய்ச் சேர்ந்துவிடும். வேகமான டேட்டாவுக்கு நூற்றுக்கணக்கான அலைவரிசைகள் ஒரே நேரத்தில் சுத்தமாக வந்து சேர வேண்டும். என்னிடம் இருப்பது ஹோம்பிளக் ஏவி2 ரகம், 2 முதல் 86 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துவது. வயர் நீளமாகவோ இடையில் தடங்கலாகவோ இருந்தால் மேல் பக்க அலைவரிசைகள் முதலில் காணாமல் போகும். விளக்கு மட்டும் அப்படியே எரிந்துகொண்டிருக்கும்.

அதனால் இன்டர்நெட் ஸ்பீடு டெஸ்டை விட்டுவிட்டு, வீட்டுக்குள்ளேயே iperf3 என்ற வேகம் அளக்கும் நிரலால் அளக்க ஆரம்பித்தேன். ரவுட்டரில் அப்பாவின் பழைய லேப்டாப்பைக் கேபிளில் மாட்டினேன். வீட்டு நெட்வொர்க்கில் அதன் முகவரி 192.168.1.10. அதில் முதல் கட்டளை. என் லேப்டாப்பில் மற்ற இரண்டும்:

```
iperf3 -s
iperf3 -c 192.168.1.10 -t 30
iperf3 -c 192.168.1.10 -t 30 -R
```

நடுவில் உள்ளது மாடியிலிருந்து கீழே அனுப்பும் வேகம். `-R` போட்டால் கீழிருந்து மாடிக்கு வரும் வேகம். இரண்டு திசையையும் தனித்தனியாகப் பார்ப்பது முக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கருவி சரியாக இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். ஹாலில் பக்கத்துப் பக்கத்துச் சுவர் பிளக் பாயின்டுகளில் இரண்டையும் செருகி அளந்தேன். ஒன்றை ரவுட்டர் இருந்த ஸ்பைக் பஸ்டரில் செருகியபோது 30. அதே அடாப்டரை நேராகச் சுவரில் செருகியபோது 190. ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் ஃபில்டரின் வேலையே மின் வயரில் வரும் உயர் அலைவரிசைச் சத்தத்தை விழுங்குவதுதான். அடாப்டரின் சிக்னலும் அதற்குச் சத்தம்தான். ஆக முதல் தவறு பிடிபட்டது.

இரண்டாவது, பிளக் மாற்றி. சிங்கப்பூர் பிளக்கின் தட்டையான மூன்று முள் இங்கே போகாது. விமான நிலையத்தில் வாங்கிய மாற்றியின் வெளிப்பக்கம் இரண்டு முள்தான், எர்த் இல்லை. ஏவி2 ரகத்தில் பேஸ், நியூட்ரலோடு எர்த் வயரையும் இரண்டாவது பாதையாகப் பயன்படுத்தும் மாடல்கள் உண்டு, என்னுடையதும் அப்படித்தான். எர்த் போனால் ஒரு பாதை போய்விடும். கீழவீதிப் பக்கம் எலக்ட்ரிக்கல் கடையில் மூன்று முள் உள்ள, இறுக்கமாக உட்காரும் மாற்றி இரண்டு வாங்கினேன். கடைக்காரர் ஒவ்வொன்றையும் பிளக்கில் போட்டு ஆட்டிப் பார்த்துத்தான் கொடுத்தார். லூஸான காண்டாக்டும் இந்தக் கருவிக்கு எமன்.

இவ்வளவும் சரி செய்தபின், ஒரு அடாப்டரை ஹாலில் விட்டு மற்றதைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போனேன். சாப்பாட்டு அறையில் 120. மாடிப்படிக்குக் கீழே 95. மாடியில் என் அறையில் 6. மாடிக்கு ஏறியதும் இப்படி விழுந்தால் அது தூரத்தால் அல்ல. வேறு ஏதோ எல்லையைத் தாண்டியிருக்கிறோம்.

அந்த எல்லையைக் காட்டியவர் எங்கள் வீட்டுக்கு வயரிங் செய்த எலக்ட்ரீஷியன் அண்ணன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வீட்டின் மின்சாரம் அறைகளுக்குப் பிரியும் டி.பி. பெட்டியைத் திறந்து காட்டினார். "தம்பி, இது த்ரீ பேஸ் வீடு. ஹால் ஆர் பேஸ். உங்க ரூம் பி பேஸ். ரவுட்டர் இருக்கிற பாயின்ட் அதுவும் இல்ல, அது இன்வெர்ட்டர் லைன்."

சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டில் எங்களுக்கு ஒரே பேஸ். எந்தப் பிளக்கிலிருந்து எந்தப் பிளக்குக்கும் ஒரே வயர்தான். இங்கே என் சிக்னல் இன்வெர்ட்டர் லைனில் தொடங்கி, இன்வெர்ட்டர் பெட்டிக்குள் புகுந்து வெளியே வந்து, ஆர் பேஸிலிருந்து பி பேஸுக்குத் தாவ வேண்டும். இரண்டு பேஸும் நேராகத் தொட்டுக்கொள்வதில்லை. குழாய்க்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் வயர்களுக்கு இடையே கசிந்து தாவும் கொஞ்சம் சிக்னல்தான் எனக்கு வந்து சேர்ந்தது. ஜோடி சேர அது போதும். வேலை செய்யப் போதாது.

நம்மூர் வீடுகளில் ஒரு பேஸ் போனால் இன்னொரு பேஸுக்கு மாற்றிக்கொள்ள டி.பி. பக்கத்தில் ஒரு திருகு சுவிட்ச் இருக்குமே, அது இங்கே பெரிய உதவி. எந்த வயரையும் கழற்றாமல் சோதனை செய்துவிடலாம். மாடி ஏ.சி.யையும் கீசரையும் அணைத்துவிட்டு அண்ணன் மாடியின் சுவிட்சை ஆர் பக்கம் திருப்பினார். 6 ஆக இருந்தது 38 ஆனது. காரணம் பேஸ்தான் என்று அந்த நிமிடமே உறுதியானது. ஆனால் அப்படியே விட அவர் சம்மதிக்கவில்லை. ஹாலும் மாடி ஏ.சி.யும் சேர்ந்து ஒரே பேஸில் ஓடினால் சுமை ஏறிவிடும். என் அறைப் பாயின்டை மட்டும் ஆர் பேஸுக்கு மாற்றலாமா என்று கேட்டேன். பேஸை மாற்றினால் அதற்குரிய நியூட்ரலையும் சேர்த்து மாற்ற வேண்டும், இந்த வீட்டில் மின்கசிவு வந்தால் தானாக அணையும் ஆர்.சி.சி.பி. பேஸுக்கு ஒன்று இருப்பதால் நியூட்ரல் கலந்தால் டிரிப் ஆகும் என்றார். இதை நாமாகச் செய்யவே கூடாது.

அவரே வேறு வழி சொன்னார். இன்வெர்ட்டர் லைன் என்பது ஒரே பேஸ், கீழும் மேலும் ஒரே வயர். மாடி அறையில் ஃபேன், லைட்டோடு ஒரு 5 ஆம்ப் பாயின்டும் அந்த லைனில் இருக்கிறது, அலமாரிக்குப் பின்னால். இரண்டு அடாப்டரையும் இன்வெர்ட்டர் லைனிலேயே செருகினால் சிக்னல் இன்வெர்ட்டர் பெட்டியைத் தாண்டவே வேண்டாம். அலமாரியை நகர்த்தினோம். இரண்டு திசையிலும் 70க்கு மேல்.

சாயந்தரம் ஏழு மணிக்கு மறுபடி விழுந்தது. இங்கேதான் இரண்டு திசையையும் அளந்தது கைகொடுத்தது. மாடியிலிருந்து கீழே 66. கீழிருந்து மாடிக்கு 12. மின்சத்தம் பெறுகிற பக்கத்தைத்தான் அதிகம் கெடுக்கும். தனக்குப் பக்கத்தில் இரைச்சல் இருக்கும் அடாப்டரால் தூரத்திலிருந்து வரும் மெல்லிய சிக்னலைக் கேட்க முடியாது. ஆகவே எதிரி மாடியில், என் அறைக்குப் பக்கத்தில். வீடு முழுக்கத் தேட வேண்டியதில்லை.

முப்பது நொடி ஓட்டம், ஒரு பொருளை அணை, மறுபடி ஓட்டு. ஃபேனை அணைத்தேன், மாற்றமில்லை. எல்.இ.டி. டியூப்லைட்டை அணைத்தேன், 12 ஆக இருந்தது 40 ஆனது. அடாப்டர் இருந்த அதே போர்டில் என் சொந்த அண்ணன் மகனின் போன் சார்ஜர் ஒன்று, பெயரில்லாத மலிவு ரகம். அதன் சுவிட்சை அணைத்தேன், 68. பகலில் லைட்டும் எரிவதில்லை, அவன் பள்ளியிலிருந்து வந்துதான் சார்ஜ் போடுவான். அதனால்தான் மாலையில் மட்டும் வந்தது. டியூப்லைட்டை மாற்றினோம், சார்ஜரை வேறு அறைக்கு அனுப்பினோம். போன் ஏறாமல் சும்மா செருகியிருக்கும் சார்ஜர்கூட, சுவிட்ச் போட்டிருந்தால் சிக்னலைக் கொஞ்சம் உறிஞ்சும். உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் அதைச் செய்கிறது. நம்மூர் பிளக்குக்குச் சுவிட்ச் இருப்பது நல்லதாகப் போயிற்று, அணைத்தால் பேஸ் பக்கம் துண்டிக்கப்பட்டுவிடும்.

காலையில் அண்ணி சட்னி அரைக்கும்போது ஒரு சரிவு வரும். மிக்சியில் கார்பன் பிரஷ் மோட்டார், அது தீப்பொறி விட்டுக்கொண்டே சுற்றும். இரண்டு நிமிடம்தானே என்று அதை விட்டுவிட்டேன். கிரைண்டர் மணிக்கணக்கில் ஓடினாலும் தொந்தரவு இல்லை, அதன் மோட்டாரில் பிரஷ் கிடையாது.

கரண்ட் போகும்போது என்ன ஆகும் என்பது கடைசிக் கேள்வி. முன்பு மாடி அடாப்டர் பி பேஸில் இருந்தபோது கரண்ட் போனால் அதுவே அணைந்துவிடும். இப்போது இரண்டும் பேட்டரியில் ஓடுகின்றன. மாறும் நேரத்தில் இணைப்பு அறுந்து பத்துப் பதினைந்து நொடியில் திரும்பச் சேர்கிறது. எங்களுடையது சைன் வேவ் இன்வெர்ட்டர்தான், ஆனாலும் பேட்டரியில் ஓடும்போது சத்தம் கூடி 25க்கு இறங்குகிறது. வீடியோ காலுக்கு அது போதுமாக இருந்தது.

எலக்ட்ரீஷியன் அண்ணன் 500 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் கூடவே நின்றார், ஒவ்வொரு அளவையும் கேட்டுக்கேட்டு டி.பி. மூடியின் உள்பக்கம் எந்த அறை எந்த பேஸ் என்று பென்சிலால் எழுதியும் வைத்தார். அடாப்டர்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மாடிப் பாயின்டின் மேல் "இதில் வேறு எதுவும் செருக வேண்டாம்" என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பையனின் ஆன்லைன் டியூஷன் இப்போது அந்த அறையில்தான் நடக்கிறது என்று போன வாரம் அண்ணி சொன்னார்.