பழியெல்லாம் பேஸ்ட் மேல், குற்றவாளி தூசி

கேம் ஆடும்போது தன் லேப்டாப் பட்டென்று அணைந்துவிடுகிறது, சிபியுவின் சூட்டை ஹீட்சிங்க் என்ற உலோகப் பாகத்துக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் சரியாகுமா என்று நண்பன் கேட்டான். ஏழு வருட லேப்டாப்போடு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

என்னுடையது இருபது நிமிடத்தில் அணையும். அதற்கு முன் சிபியு 97 டிகிரியில் நிற்கும். நானும் பேஸ்ட்தான் காரணம் என்று நம்பினேன். பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு ஹீட்சிங்க்கைத் தூக்கினால், பழைய பேஸ்ட் சுண்ணாம்பு போல உதிர்ந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிது வைத்து, ஹீட்சிங்க்கில் பொறித்திருந்த 1, 2, 3, 4 வரிசையில் ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஃபேன் இறக்கைகளையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். சும்மா இருக்கும்போது பத்து டிகிரி குறைந்தது. ஒரே பெருமை! அன்று இரவே கேமில் முப்பத்தைந்தாவது நிமிடம் மறுபடி அணைந்தது.

ஃபேன் காது கிழியக் கத்துகிறது, ஆனால் காற்று வெளியேறும் இடத்தில் கை வைத்தால் மூச்சு விடுவது போலத்தான் வருகிறது. அதைக் கவனித்த பிறகுதான் புத்தி வந்தது. ஃபேனுக்கும் ஹீட்சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. இறக்கைகள் தள்ளும் தூசியெல்லாம் அங்கேதான் படியும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெளியிலிருந்து ஊதினால் அது கலைந்து மறுபடி ஃபேன் பக்கம் விழும், அவ்வளவுதான். ஃபேனின் மேல்மூடியைக் கழற்றினேன். கம்பளித் துண்டு போல ஒரே படலமாக உரிந்து வந்தது. அதே பேஸ்ட்டைத்தான் மறுபடி வைத்தேன், கேமில் 83 டிகிரி.

என் எரிச்சல் இங்கேதான். அந்த மூடிக்கு இரண்டே ஸ்க்ரூ. ஆனால் அதில் ஒன்று ஹீட்சிங்க் குழாய்க்கு அடியில் ஒளிந்திருக்கிறது. தூசி தட்ட வேண்டுமென்றால் ஹீட்சிங்க்கைத் தூக்கியே ஆக வேண்டும், தூக்கினால் பேஸ்ட் போச்சு, மறுபடி வைக்க வேண்டும். இதை வடிவமைத்தவர் வீட்டில் தூசியே கிடையாதா?

அப்புறம் நான்கு மாதத்தில் சூடு மீண்டும் ஏறியது. இந்த முறை காற்று நன்றாக வந்தது. ஆனால் ஒரு கோர் மட்டும் 94, மற்றவை 80. அப்போது பழி பேஸ்ட் மேல்தான். லேப்டாப்பில் சிப் மேல் உலோக மூடி இல்லாததால், சூடேறிக் குளிரும்போது நீர்த்த பேஸ்ட் மெல்ல விளிம்புக்குப் பிதுங்கிவிடும். கெட்டியான பேஸ்ட் வைத்தேன், எட்டு மாதமாக அசையவில்லை. சுற்றியுள்ள மெமரி சிப்களின் தெர்மல் பேடுகளை மட்டும் கிழிக்காமல் அப்படியே விட்டுவிட்டேன். தடிமன் மாறினால் ஹீட்சிங்க் சரியாக உட்காராது.

சரி, நண்பனே, முதலில் கை வைத்துக் காற்றைப் பார். என் லேப்டாப் இப்போது மணிக்கணக்கில் கேம் தாங்குகிறது. ஆனாலும் இந்த மாடலை இலவசமாகக் கொடுத்தாலும் இன்னொரு முறை வாங்க மாட்டேன்.