கண்ணாடியில் ரிங் லைட் வளையம்: மங்கலாக்குவதா, ஒட்டுப்போடுவதா?

வீடியோவில் பேசுபவரின் மூக்குக்கண்ணாடியில் ரிங் லைட் பிரதிபலித்து இரண்டு வெள்ளை வளையங்கள். டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

வளையத்தைச் சுற்றி பவர் விண்டோ வரைந்து, டிராக் செய்து, ஹைலைட்டைக் குறைப்பது சுலபம். லேசான பளபளப்புக்கு அது போதும். ஆனால் ஒளி அளவைக் காட்டும் ஸ்கோப்பில் அந்த இடம் உச்சியில் தட்டையாக நின்றால், அடியில் விவரமே பதிவாகவில்லை என்று அர்த்தம். குறைத்தால் சாம்பல் வளையம்தான் மிஞ்சும்.

அப்போது பேட்ச் ரீப்ளேசர்தான் என் தேர்வு. பக்கத்துத் தோலை எடுத்து வளையத்தின் மேல் ஒட்டும். தலை திரும்பும்போது வளையம் லென்ஸுக்குள் தனியாக நகரும். அதனால் கண்ணாடியின் ஃபிரேமை அல்ல, வளையத்தையே டிராக் செய்யுங்கள். கன்னத்தின் மேல் விழுந்த வளையம் சுவடில்லாமல் போய்விடும். கருவிழி மேல் விழுந்ததென்றால் கஷ்டம்தான்: அவர் இமைப்பார், ஒட்டு இமைக்காது. சரி, அந்த ஷாட்டுகளில் முகத்துக்குப் பதில் அவர் பேச்சின் ஸ்லைடைக் காட்டிவிடுவேன்.