சர்க்கரை உள்ள பூனைக்கு எந்தச் சோதனை: சிறுநீர்ப் பட்டையா, கிளினிக்கா, சென்சாரா, காதில் ஒரு குத்தா?

உலர் தீவனத்தை நிறுத்தி, மாவுச்சத்து குறைந்த ஈர உணவுக்கு மாற்றினால், இன்சுலினே தேவைப்படாத நிலைக்குச் சில பூனைகள் வந்துவிடும். நோய் தெரிந்த புதிதில் அதற்கு வாய்ப்பு அதிகம். சிக்கல் என்னவென்றால், உணவு மாறிய சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கலாம், ஊசியின் அளவோ பழையபடியே இருக்கும். அதனால் மருத்துவரிடம் சொல்லாமல் உணவை மாற்றவே கூடாது.

ஒரு உதாரணம். நாலரை கிலோ பூனை, கிளார்ஜின் இன்சுலின் காலையும் மாலையும் 2 யூனிட். உலர் தீவனத்தில் ஊசிக்கு முன் ரத்தச் சர்க்கரை 340 இருந்தது. ஈர உணவு தொடங்கி ஐந்தாம் நாள் காலை 170. அடடா, நல்ல எண் என்று வழக்கமான 2 யூனிட் போட்டால், ஐந்து மணி நேரம் கழித்து 52 காட்டலாம். பூனையோ பெரும்பாலும் தூங்குவது போலத்தான் தெரியும்.

இதைச் சிறுநீர்ப் பட்டை காட்டாது. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 250-ஐத் தாண்டினால்தான் அது சிறுநீரில் வரும். 170 ஆனாலும் 52 ஆனாலும் பட்டையில் ஒரே நிறம்தான். கிளினிக்கில் வேறு தொல்லை: பயத்தில் சர்க்கரை எகிறும், அதை நம்பி ஊசியைக் கூட்டினால் வீட்டில் தடாலென்று இறங்கும். தோலில் ஒட்டும் சென்சார் வசதிதான், நாள் முழுக்கச் சர்க்கரை ஏறி இறங்கும் கோடு கிடைக்கும். ஆனால் அது அளப்பது தோலடித் திரவத்தை. வேகமாக இறங்கும்போது பின்தங்கும், சில சமயம் பொய்யாகவும் தாழ்த்திக் காட்டும். தவிர, பூனை அதைப் பிய்த்தும் போட்டுவிடும்.

என் ஓட்டு காதுக் குத்துக்கே. காதைக் கையால் சூடுபடுத்தி, பின்னால் பஞ்சை வைத்து, ஓரத்து ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் குத்தினால் ஒரு சொட்டு போதும். ஊசிக்கு முன் மட்டும் பார்த்தால் போதாது, உணவு மாறும் நாட்களில் நடுவிலும் பார்க்க வேண்டும். மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் குறைவாகவே காட்டும், பூனைக்கான மீட்டர் நல்லது. எதுவானாலும் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

எண் 60-க்குக் கீழே போனாலோ, பூனை தள்ளாடினாலோ, திடீரென்று அகோரப் பசியில் கத்தினாலோ, உடல் துடித்தாலோ தாமதிக்கக் கூடாது. விழுங்க முடிந்தால் உடனே சாப்பாடு கொடுங்கள். ஒதுக்கி வைத்த உலர் தீவனம் இப்போதுதான் உதவும்! சோர்ந்து கிடந்தால் ஈறில் தேனோ குளுக்கோஸ் பாகோ தடவுங்கள். வலிப்பு வந்தால் வாய்க்குள் விரல் விடக் கூடாது, நேராக மருத்துவரிடம் ஓடுங்கள். தேறியதும் அப்படியே விட்டுவிடாதீர்கள், பாகின் வேகம் அடங்கியதும் மறுபடி இறங்கும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். அடுத்த ஊசி மருத்துவரைக் கேட்டுத்தான்.