பத்து ரூபாய்க்கு எவ்வளவு தங்கம்? டிஜிட்டல் தங்கத்தில் என் இரண்டு ஆண்டுகள்

எங்கள் பால் சங்கத்தில் காலையில் பால் அளக்கும் தங்கை, 2025 அக்டோபர் இறுதியில் தங்கத்தின் விலை மளமளவென்று இறங்கியபோது, "அண்ணா, நீங்கள் போனில் தங்கம் வாங்குகிறீர்களே, நானும் தினம் பத்து ரூபாய் போட்டு வைக்கட்டுமா?" என்று கேட்டாள். கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் நகைக்கடைப் பலகையில் எழுதும் பவன் விலையையும் பொள்ளாச்சியில் சொல்லும் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே கம்மல் வாங்கும் வீட்டுப் பெண் அவள். அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. 2023 ஆகஸ்டு முதல் பணம் செலுத்தும் செயலி ஒன்றின் வழியே தங்கம் வாங்கி வருகிறேன். சங்கத்தில் கணக்கு எழுதுவதே என் வேலை என்பதால், அந்தச் செயலி என் தங்கத்தை எப்படிப் பதிந்து வைக்கிறது என்பதைக் கொஞ்சம் அதிகமாகவே உற்றுப் பார்த்திருக்கிறேன்.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி இருக்கும் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அது கையில் எவ்வளவு தைக்கும் என்பதை ஒரு முறையாவது முழுக்கணக்காகப் போட்டுப் பார்க்க வேண்டும். 2025 மார்ச்சில் ஒருநாள் காலை பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரே முறையாக வாங்கினேன். அப்போது திரையில் ஒரு கிராம் 24 காரட் தங்கத்தின் வாங்கும் விலை 9,105 ரூபாய். அதே நிமிடத்தில் விற்கும் விலை 8,830 ரூபாய். பத்தாயிரத்தில் மூன்று சதவீத ஜி.எஸ்.டி.யாக 291 ரூபாய் 26 காசு கழிந்தது போக மீதி 9,708 ரூபாய் 74 காசுக்கு 1.0663 கிராம் என் கணக்கில் ஏறியது. அதை உடனே விற்றிருந்தால் 9,415 ரூபாய்தான் கிடைத்திருக்கும், ஏனென்றால் கட்டிய வரி விற்கும்போது திரும்பி வருவதில்லை. ஆக, போட்ட பணம் போட்டபடி திரும்பி வருவதற்கே விற்கும் விலை 9,378 ரூபாயைத் தொட வேண்டும். அதாவது ஆறு சதவீதத்துக்கும் மேல் ஏற வேண்டும்.

இதை நான் பெரிய குறையாகச் சொல்லமாட்டேன். நகைக்கடையில் செய்கூலியும் சேதாரமும் கொடுத்து வாங்கிய வளையலைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தால் இதைவிட அதிகமாகவே இழப்போம். அங்கும் அதே மூன்று சதவீத வரி உண்டு. பலகையில் இருப்பது 22 காரட் விலை, செயலியில் இருப்பது 24 காரட் விலை என்பதை மறந்து இரண்டையும் ஒப்பிட்டுச் சிலர் மலைத்துப் போகிறார்கள். செயலியின் விலையை 0.916-ஆல் பெருக்கிவிட்டு ஒப்பிட்டால் அந்த மலைப்புப் பெரும்பாலும் அடங்கிவிடும்.

என் ஆத்திரமெல்லாம் தினசரிச் சேமிப்பின் மேல்தான். தொடக்கத்திலேயே, நாள்தோறும் பத்து ரூபாய் தானாகப் பிடித்துத் தங்கம் வாங்கும்படி ஒப்புதல் கொடுத்து வைத்தேன். பத்து ரூபாய் என்றால் ஒரு சாயாக் காசு. வங்கிப் பாஸ்புக்கைப் பதியக் கொடுத்தபோது பக்கம் பக்கமாகப் பத்து, பத்து, பத்து என்றே அச்சாகி வந்ததும், அந்த வரிகளில் செயலியின் பெயருக்குப் பதிலாகத் தங்கம் விற்கும் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்ததும், வீட்டில் "யாருக்கு இப்படித் தினமும் அனுப்புகிறீர்கள்?" என்ற கேள்வியை எழுப்பின. அதைச் சிரித்துக் கடந்துவிட்டேன். கடக்க முடியாதது செயலிக்குள் இருந்த பதிவுகள்.

ஒவ்வொரு பதிவிலும் தேதி, கட்டிய தொகை, அன்றைய விலை, கிடைத்த எடை ஆகிய நான்கும் இருக்கும். எடை தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரைதான். 2023-இல் கிராம் ஆறாயிரத்தை ஒட்டி இருந்தபோது பத்து ரூபாய்க்கு 0.0016 கிராம் என்று பதிவாகும். வரி போக மீதியான 9 ரூபாய் 71 காசுக்கு அது ஏறத்தாழ நியாயமான எடைதான். விலை ஏற ஏற எடை குறைவதும் இயற்கை. ஆனால் 2025 ஏப்ரலில் அடுத்தடுத்த இரண்டு நாள் பதிவுகள் என்னை நிறுத்தின. முதல் நாள் விலை 9,704 ரூபாய், எடை 0.0010 கிராம். மறுநாள் விலை 9,722 ரூபாய், எடை 0.0009 கிராம். கிராமுக்குப் பதினெட்டு ரூபாய் ஏறியதற்கு என் தங்கத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 9 ரூபாய் 71 காசை 9,722-ஆல் வகுத்தால் 0.00099876 வருகிறது. நம் பால் சங்கத்தில் இப்படி ஒரு எண் வந்தால் 0.0010 என்று முழுமையாக்கி எழுதுவோம். இந்தச் செயலியோ நான்காவது இலக்கத்துக்குப் பின்னால் வருவதை எல்லாம் அப்படியே வெட்டிவிட்டு 0.0009 என்று எழுதியிருந்தது. அந்த எடையின் மதிப்பு 8 ரூபாய் 75 காசு. பாக்கி 96 காசு எந்தப் பதிவிலும் இல்லை. அந்த 0.0009 கிராமை அன்றைய விற்கும் விலையான 9,430-க்கு விற்றால் 8 ரூபாய் 49 காசு. அதாவது பத்து ரூபாய் போட்ட அந்தக் கணமே ஒன்றரை ரூபாய் போய்விட்டது. வரியும் விலை இடைவெளியும் சேர்ந்து தின்றது ஒரு பங்கு, இலக்கத்தை வெட்டியது ஏறக்குறைய இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம் எனத் தோன்றியது. துல்லியமாகப் பார்த்தால் வரியும் இடைவெளியும் 55 காசு, வெட்டியது 96 காசு.

பின்னோக்கிப் போய்ப் பார்த்தபோது அதே படிக்கட்டு வேறிடங்களிலும் இருந்தது. விலை 8,827 ரூபாய் வரை 0.0011, அதைத் தாண்டினால் 9,710 வரை 0.0010, அதற்கு மேல் 0.0009. படியின் விளிம்பில், தாண்டுவதற்குச் சற்று முன் வாங்கிய நாட்களில் எனக்கு இழப்பே இல்லை. தாண்டிய மறுநாள் வாங்கியதில்தான் பெரிய இழப்பு. பெருந்தொகைக்கு இது பொருட்டே அல்ல. பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கினாலும் அப்போதைய விலையில் வெட்டப்படுவது ஒரு ரூபாய்க்கும் குறைவுதான். சிறுகச் சிறுகச் சேர்ப்பவரிடம்தான் இந்த வெட்டு ஒவ்வொரு நாளும் விழுகிறது. அந்தச் சிறு தொகையைத்தானே விளம்பரம் முன்னிறுத்துகிறது என்பதுதான் எரிச்சல். எல்லாச் செயலிகளும் இப்படி வெட்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பதிவில் இருக்கும் எடையை அன்றைய விலையால் பெருக்கி, விலைச்சீட்டில் வரிக்கு முந்தைய தொகையாக இருப்பதோடு ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். (என் சீட்டில் ஐ.ஜி.எஸ்.டி. என்று மூன்று சதவீதமும் ஒரே வரியாக இருக்கிறது. விற்பவர் வேறு மாநிலத்தில் இருப்பதால் அப்படி. எல்லையோரத்தில் வாழும் எங்களுக்கு மாநிலம் மாறி வரும் சீட்டு புதிதல்ல.) இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றே தினசரி ஒப்புதலை நிறுத்தினேன்.

இன்னொரு பதிவுக் குறையையும் சொல்லிவிடுகிறேன். முகப்புப் பக்கத்தில் "உங்கள் தங்கத்தின் மதிப்பு" என்று காட்டும் தொகை வாங்கும் விலையால் கணக்கிடப்படுகிறது. விற்கும் பக்கத்துக்குப் போனால்தான் உண்மையான தொகை வரும். செப்டம்பரில் ஓர் இரவு, மாமியாரை அவசரமாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தபோது இதை நேரில் அறிந்தேன். மார்ச்சில் வாங்கிய அந்த 1.0663 கிராமுக்கு முகப்பு 12,027 ரூபாய் காட்டியது. விற்கும் பக்கம் 11,665 ரூபாய் என்றது. இருந்தாலும், நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், அந்த இரவில் அந்தச் செயலியை நான் மனதாரப் புகழ்ந்தேன். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது, எந்த நகைக்கடையும் எந்த அடகுக்கடையும் திறந்திருக்கவில்லை. விற்ற சில நிமிடங்களில் பணம் வங்கிக் கணக்குக்கு வந்து, முன்பணத்தை மருத்துவமனை வாசலிலேயே செலுத்திவிட்டேன்.

அன்றே மிச்சமிருந்த சிறு சேமிப்பையும் விற்றுவிட நினைத்து, எடைக்குப் பதிலாக முழு ரூபாயாகத் தொகையை அடித்துவிட்டேன். விளைவாக 0.0008 கிராம் கணக்கில் தங்கியது. அதன் மதிப்பு 8 ரூபாய் 75 காசு. இந்தச் செயலியில் பத்து ரூபாய்க்குக் குறைவாக விற்க முடியாது. விற்கும் விலை கிராமுக்கு 12,500 ரூபாய் வந்தால்தான் அதற்கு விடுதலை. அக்டோபர் நடுவில் விலை அதைத் தாண்டியது. இன்னும் ஏறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், 21-ஆம் தேதி உலகச் சந்தையில் ஒரே நாளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் விழுந்ததும் என் 0.0008 மீண்டும் சிறைப்பட்டது.

தங்கையிடம் நான் சொன்னது இதுதான்: தினம் பத்து ரூபாய் என்ற ஏற்பாடே வேண்டாம், அந்தப் பத்தை உண்டியலில் போட்டு, ஆயிரமோ இரண்டாயிரமோ சேர்ந்த பின், ரூபாயை அடிக்காமல் எடையை அடித்து வாங்கு, ஓராண்டுக்குள் எடுக்க வேண்டியிருக்கும் பணத்தை இதில் போடாதே. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, இத்தகைய டிஜிட்டல் தங்கம் தன் ஒழுங்குமுறைக்குள் வராது என்று 2025 நவம்பர் 8 அன்று எச்சரித்திருப்பதையும் பின்னர் காட்டினேன். இதைவிட நகைக்கடையில் ஒரு கிராம் நாணயம் வாங்குவது மேல் என்றும் சொன்னேன்.

ஆனால் அவளிடம் சொல்லாத ஒன்றும் உண்டு. விலை இறங்கிய அந்த வாரத்திலேயே, 12,450 ரூபாய் விலையில், எடைப் பெட்டியில் 0.5 என்று அடித்து, வரியோடு 6,411 ரூபாய் 75 காசு கட்டி அரை கிராம் வாங்கினேன். இந்தப் பதிவில் ஒரு காசு கூட வெட்டுப்படவில்லை. கணக்கில் இப்போது 0.5008 கிராம் இருக்கிறது.