ஒரு ‘எச்’ போட மறந்த கதை

தம்பி கல்யாணத்துக்கு மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். சமையல், மேளம், மண்டபம் எல்லாம் நன்றாகவே நடந்தன. ஆனால் மெல்போர்ன் திரும்பிய பிறகும் என் தலையில் ஓடிக்கொண்டிருப்பது முகூர்த்தம் அல்ல, சார்பதிவாளர் அலுவலகத்தில் போன ஒன்றரை நாள்.

தம்பியும் என்னைப் போல இங்கேதான் வேலை பார்க்கிறான். பெண்ணுக்கு விசா போட வேண்டும், அதற்குக் கல்யாணப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாக் கல்யாணங்களையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். எங்களுக்கோ 90 நாள் இல்லை. மறுவீடு முடிந்ததும் தம்பிக்கு விமானம். அதனால் இரண்டு குடும்பமும் சேர்ந்து முன்கூட்டியே பட்டியல் போட்டோம். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற சம்பந்தி மாமாதான் தலைமை. வாட்ஸப்பில் ஒரு குழு, அதில் ஒரே பட்டியல். வயதுக்குச் சான்று, முகவரிக்குச் சான்று, அடையாள அட்டை, கல்யாணப் பத்திரிகை, பாஸ்போர்ட் அளவு போட்டோ, சாட்சிகளின் அடையாள அட்டை. ஒவ்வொன்றும் கிடைத்ததும் யாராவது ஒருவர் பச்சை டிக் போடுவார். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பே பட்டியல் முழுக்கப் பச்சை. மாமா ஒரு கும்பிடு ஸ்மைலியும் போட்டார்.

பச்சை டிக் எதைச் சொல்கிறது? காகிதம் வீட்டில் இருக்கிறது என்பதை மட்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

விண்ணப்பம் இப்போதெல்லாம் tnreginet.gov.in-இல். பெண்ணின் அண்ணன் ராத்திரி உட்கார்ந்து பூர்த்தி செய்தான். கையில் இருந்தது ஆதார், அதைப் பார்த்தே பெயரைத் தட்டிவிட்டான். மறுநாள் மணமக்கள், சாட்சிகள், இரண்டு வீட்டுப் பெரியவர்கள் என்று ஒரு வேன் நிறையப் போய் இறங்கினோம். வாசலில் பத்திர எழுத்தர் கடைகள், ஜெராக்ஸ் கடை, வேப்பமர நிழலில் டீ. சின்ன வயதில் தாத்தா நிலம் கிரயம் பண்ணியபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்த அதே இடம். மை வைத்த கட்டைவிரலைத் தாத்தா தலையில் தடவித் துடைத்தது ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு பத்து நிமிடம்கூட நிற்கவில்லை.

உள்ளே இருந்த பெண் அலுவலர் அசல்களை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். பிறகு கேட்டார்: “பொண்ணோட அப்பா பேரு பாஸ்போர்ட்ல எஸ்-க்கு அப்புறம் ஒரு எச் போட்டிருக்கு. விண்ணப்பத்துல இல்ல. எதும்மா சரி?”

மாமா சண்முகம். பாஸ்போர்ட்டில் பெண்ணின் பெயரோடு SHANMUGAM, ஆதாரில் SANMUGAM. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் வெறும் S. போதாததற்குக் கல்யாணப் பத்திரிகையில் எண் கணிதம் பார்த்து SHANMUGHAM. தமிழில் ஒரே பெயர்தான், ஆங்கிலத்தில் மூன்று ஆள். “ரெண்டும் சரிதான் மேடம்” என்றார் மாமா. “ரெண்டும் சரின்னா நான் எதைப் போடுறது சார்?” என்றார் அவர். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

இது அவர் கிளப்பிய வீம்பு அல்ல என்பதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். சான்றிதழில் ஏறும் பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாவிட்டால் விசா பார்ப்பவர் இது வேறு ஆளா என்று கேட்பார். கையெழுத்துப் போடும் முன் கண்டுபிடித்தால் ஒரு திருத்தம். பதிவேட்டில் ஏறிய பிறகு என்றால் தம்பி மெல்போர்னில், பெண் ஊரில், அலைவது யார்?

வேன் கூட்டத்தில் சித்தப்பா இன்னொரு யோசனை சொன்னார். “கல்யாணம்தான் ஆயிடுச்சே, புருஷன் இனிஷியலையே போட்டுடுங்க, பிரச்சினை தீர்ந்தது.” நல்லவேளை, அலுவலர் மறுத்துவிட்டார். தாலி ஏறியதும் நம் வீட்டில் இனிஷியல் மாறிவிடும், ஆனால் பெண் கொண்டுவந்த ஒரு காகிதத்தில்கூட அந்த எழுத்து இல்லை. பிறந்த வீட்டுப் பெயரில் சான்றிதழ் வாங்கிய பிறகு, வேண்டுமானால் அந்தச் சான்றிதழை வைத்துத்தான் மற்றதை மாற்ற முடியும்.

சரி, பாஸ்போர்ட் எழுத்தே இருக்கட்டும் என்று முடிவானது. ஆனால் முகவரிக்குக் கொடுத்தது ஆதார், அதில் எச் இல்லையே? இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று உறுதிமொழிப் பத்திரம் கேட்டார்கள். எதிர்க்கடையில் முத்திரைத்தாள், தட்டச்சு, நோட்டரியின் முத்திரை. நோட்டரி சாப்பிடப் போயிருந்தார். வந்தபோது எங்கள் நேரம் தாண்டிவிட்டது. “நாளைக்கு வாங்க.” பட்டுச்சேலை, வேன் வாடகை, அரைநாள் லீவு போட்ட சாட்சிகள், எல்லாம் மறுபடி. அந்த ஒரு எச்சுக்காக வெயிலில் நின்ற வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை.

என் கல்யாணப் பதிவு மெல்போர்னில் நடந்தது. அங்கே கல்யாணத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே அறிவிப்புப் படிவம் ஒன்றைக் கல்யாணம் நடத்தி வைப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். கல்யாணம் முடிந்த 14 நாளுக்குள் காகிதங்களைப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்புவதும் அவர் பொறுப்பு. நான் எந்த வரிசையிலும் நிற்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் செய்த வேலையும் இந்த அலுவலர் செய்ததும் ஒன்றுதான், அவர் ஒரு மாதம் முன்னால் செய்தார், அவ்வளவே. அந்த ஒரு மாதத்தை எங்கள் பட்டியலே கொடுத்திருக்கலாம்.

அன்று ராத்திரி மாமா பட்டியலைத் திருத்தினார். டிக்குப் பதிலாக ஒவ்வொரு காகிதத்துக்கும் எதிரே அதில் பெயர் எழுதியிருக்கும் விதத்தை அப்படியே, இனிஷியல், புள்ளி, இடைவெளி உட்பட, தட்டச்சு செய்தார். ஐந்து நிமிடத்தில் இன்னொன்று மாட்டியது. பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டமே காலி. பிறந்தவுடன் பெயர் வைக்காமல் வாங்கியது, அப்புறம் யாரும் சேர்க்கவில்லை. பட்டியலில் அதற்கும் பச்சை டிக் இருந்தது! வயதுச் சான்றாக அதை நம்பிப் போயிருந்தால் வேறு கதை. மதிப்பெண் சான்றிதழைத்தான் வைத்திருந்தோம். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. “அவ பாட்டி வெச்ச பேரும்மா, ரிஜிஸ்டர்ல ஏத்தணும்னு தோணவே இல்ல” என்றார்.

மறுநாள் முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அதே அலுவலர் SHANMUGAM என்பதை எங்களையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அப்புறம்தான் கையெழுத்து வாங்கினார்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் எங்கள் அப்பாவைக் காணோம். தேடிப் போனால் ஜெராக்ஸ் கடையில், லேமினேஷன் இயந்திரம் சூடாகக் காத்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் ஒட்டினால் பின்னால் வெளிநாட்டு வேலைக்கு அதன் மேல் அரசு முத்திரை வாங்க முடியாது என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் என்னை முறைத்தார்.