நுளம்பு வலை பூட்டப் போறவை ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்கோ: 18 கண் எண்டு காசு வாங்கி 12 கண் வலை பூட்டின கதை

கடைப்பேர் போடேல்ல, ஆரிட்டப் போனாலும் நீங்கள் பாத்து வாங்கோணும் எண்டதுக்காகத்தான் எழுதுறன். நாங்கள் இருக்கிறது கொக்குவில் பக்கம், மேல்மாடி, மேற்குப் பக்கமா ஒரு பெல்கனிக் கதவு, அறையளுக்கு அலுமினியம் ஸ்லைடிங் யன்னல். போன மாரிக்கு அடுத்த வளவில ரெண்டு பேருக்கு டெங்கு வந்த உடன அம்மாவுக்குப் பயம் பிடிச்சிட்டுது, டெங்கு நுளம்பு கூடுதலாப் பகல்லதான் கடிக்கும், பகல்ல யன்னலைப் பூட்டிக்கொண்டு இருக்கேலுமோ, அதாலதான் எல்லாத்துக்கும் நெற் போடுவம் எண்டு முடிவெடுத்தம்.

வந்த தம்பி நல்லாத்தான் கதைச்சவர். கையில ஒரு சாம்பிள் துண்டு, சாம்பல் நிற பைபர்கிளாஸ் வலை, "அக்கா இது பதினெட்டுக்குப் பதினாறு, நுளம்பு தலையே போடேலாது" எண்டார். படுக்கை அறை ரெண்டுக்கும் ஸ்லைடிங், குசினிக்கு பிக்ஸ்ட், பெல்கனிக் கதவுக்கு மக்னெற் வலை. மொத்தம் 68,000 ரூபா, அட்வான்ஸ் 40,000 அண்டைக்கே குடுத்தாச்சு. பில்லில என்ன எழுதினவர் எண்டால் "நுளம்பு வலை", அவ்வளவுதான். இதுதான் நான் விட்ட முதல் பிழை.

பூட்டிப் போட்டுப் போய் மூண்டாம் நாள் இரவு, கதவெல்லாம் சாத்தியிருக்கு, ஆனால் மகளின்ர அறையில நுளம்பு. பக்கத்துக் கோர்வையால வருதோ எண்டு ரோச் அடிச்சுப் பாத்தன், ஒரு இடைவெளியும் இல்லை. பிறகுதான் வலையையே பாத்தன், சாம்பிள் மாதிரி இல்லை, கொஞ்சம் பெரிய கண்ணா இருக்கிற மாதிரித் தெரிஞ்சுது. மகளின்ர அடிமட்டத்தை எடுத்து வலையில வைச்சு ஒரு அங்குலத்துக்குள்ள எத்தினை கண் எண்டு எண்ணினன். 12. குறுக்கையும் எண்ணினன், அதுவும் 12.

இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்திறன், ஏனெண்டால் இதுதான் முக்கியம். 18க்கு 16 எண்டா ஒரு அங்குலத்துக்கு ஒரு பக்கம் 18 கண், மற்றப் பக்கம் 16 கண். சாதாரண பைபர்கிளாஸ் நூல் கிட்டத்தட்ட 0.28 மில்லிமீற்றர் தடிப்பு, அதைக் கழிச்சால் ஓட்டை 1.1 இல இருந்து 1.3 மில்லிமீற்றர் மட்டில வரும். நுளம்புக்கு அது போதும். 12 கண் எண்டால் 25.4ஐ 12ஆல பிரிச்சு நூலைக் கழியுங்கோ, 1.8 மில்லிமீற்றருக்கு மேல ஓட்டை வருது, மெலிஞ்ச நுளம்பு உடம்பைச் சுருக்கி உள்ள வந்திடும். தூரத்தில நிண்டு பாத்தா ரெண்டும் ஒரே சாம்பல் நிறம்தான், அதாலதான் ஏமாத்த ஏலுது. பூட்டினாப்பிறகு எண்ணாமல், பூட்ட முதல், றோலை விரிச்ச உடன எண்ணுங்கோ, ஒரு நிமிசம்தான் செல்லும்.

போன் எடுத்தன். முதல்ல "அக்கா அது அதே வலைதான்". அடிமட்டத்தோட படம் எடுத்து வாட்ஸ்அப்பில அனுப்பின பிறகு "சரி, மாத்தித் தாறம்". ரெண்டு கிழமை இழுத்துப்போட்டு வந்து வேற வலை போட்டினம், இந்த முறை கறுப்பு, நல்ல அடர்த்தி. நான் சந்தோசப்பட்டன். நுளம்பும் வரேல்ல. ஆனால் அடுத்த நாள் மத்தியானம் அறைக்குள்ள இருக்கேலாது, அப்பிடிப் புழுக்கம். அம்மா யன்னலைத் திறந்தா காத்தே வரேல்ல எண்டு சொல்ல, நான் ஊதுபத்தி ஒண்டு கொளுத்தி யன்னலுக்கு உள்பக்கமா ஒரு முழம் தள்ளிப் பிடிச்சன். வலை இல்லாத பக்கத்து யன்னல்ல புகை சரிஞ்சு உள்ளுக்குப் போகுது, இந்த யன்னல்ல நேர மேல எழும்புது. எண்ணிப் பாத்தன், 30 கண்.

நுளம்புக்கு 30 தேவையே இல்லை. கண் கூடக்கூட நூலும் கூடுது, நூல் தடிப்பு அதேதானே, அப்ப காத்துப் போற இடம் குறையுது. 18க்கு 16 வலையில மூண்டில ரெண்டு பங்கு வெறும் ஓட்டை, அதே தடிப்பு நூலில 30 கண் எண்டால் பாதிக்கும் குறைவு, தூசு பிடிச்சால் இன்னும் மோசம். சோளகம் வீசேக்க வித்தியாசம் பெரிசாத் தெரியாது, காத்துக்குப் பலம் இருக்கு, தள்ளிக்கொண்டு வந்திடும். சோளகம் ஓய்ஞ்சு வாடை துடங்க முதல் வாற அந்த அசையாத நாளிலதான் மனுசன் அவிஞ்சு போறது. சின்னக் கண் கட்டாயம் வேணும் எண்டவை மெல்லிய நூல் வலையாக் கேக்கோணும், கண் எண்ணிக்கையை மட்டும் கேட்டுப் பிரயோசனம் இல்லை. றோலை வெளிச்சத்துக்கு நேர பிடிச்சு அங்கால இருக்கிறது தெளிவாத் தெரியுதோ எண்டு பாத்தாலே பாதி விளங்கும்.

இனி பெல்கனிக் கதவு. நடுவில மக்னெற்றால சேர்ற வலை, சுத்திவர வெல்குரோ ஒட்டி. உள்ளுக்கு இருக்கிற அறைக் கதவுக்கு இது நல்லதாத்தான் இருக்கும், கையில தேத்தண்ணிக் கோப்பையோட போனாலும் தானா மூடும். ஆனால் எங்கட மேற்குப் பெல்கனிக்கு சோளகம் நேர அடிக்கும், ஏழடி உயரம் மூண்டடி அகல வலை எண்டால் அது ஒரு பாய்மரம் மாதிரி, அந்தச் சின்னச் சின்ன மக்னெற் என்னண்டு தாங்கும்? பின்னேரம் முழுக்க நடு வாய் திறந்தபடி. அதோட அவர் வலையை இறுக்கி இழுத்து ஒட்டியிருக்கிறார், இறுக்கினால் நடு ரெண்டு கரையும் விலகி நிக்கும், மக்னெற் சேராது, வலை கதவை விடக் கொஞ்சம் அகலமா, தளர்வா இருக்கோணும். வெல்குரோப் பசையும் வெயிலுக்கு விட்டு, கழண்டு வரேக்க சுவர்ப் பெயின்ரையும் உரிச்சுக்கொண்டு வந்துது. காத்துப் படுற பெல்கனிக்கு பிரேம் போட்ட ஸ்லைடிங் வலைதான் சரி.

ஸ்லைடிங்கில ஒண்டு கவனியுங்கோ. கண்ணாடியைப் பாதி திறந்து விட்டால் ரெண்டு கண்ணாடிக்கும் நடுவால ஒரு வெளி வரும், வலைச் சட்டம் மற்றக் கண்ணாடிச் சட்டத்தோட சரியா ஒட்டி நிக்காட்டி அதால நுளம்பு வரும். கண்ணாடியை முழுக்கத் தள்ளித் திறந்தால் அந்தப் பிரச்சினை இல்லை. சட்டக் கரையில மயிர் மாதிரி ஒரு பிரஷ் நாடா இருக்கோணும், எங்களுக்கு அதுவும் போடேல்ல. குசினி பிக்ஸ்ட் வலை மட்டும்தான் ஒழுங்கா வேலை செய்யுது, ஆனால் கழட்ட ஏலாது, எண்ணெய்ப் புகை படிஞ்சதைத் தடவித்தான் துடைக்கிறன். கழட்டிக் கழுவுற மாதிரி ஸ்குரூ வைச்சுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கோணும்.

மிச்சம் 28,000 நான் குடுக்கேல்ல. "காசு தந்தா வாறம்" எண்டார், "18க்கு 16 போட்டு, நான் எண்ணினாப்பிறகு தாறன்" எண்டன், பிறகு போன் எடுக்கிறதே இல்லை. வேற ஒரு அலுமினியம் வேலை செய்யிற ஐயாவைப் பிடிச்சு, கொட்டேசனில "பைபர்கிளாஸ், 18க்கு 16, பிரஷ் நாடாவோட" எண்டு எழுதி வாங்கி, அறை ரெண்டுக்கும் வலையை மட்டும் மாத்தினம், அலுமினியச் சட்டம் அப்பிடியே பாவிக்கலாம், ரப்பர் பீடிங்கை இழுத்தெடுத்துப் புது வலை வைச்சு திரும்ப அமத்திறதுதான் வேலை. அரை நாள் செண்டுது. அவர் வேலை முடிச்சுப் போக முதல் நான் அடிமட்டத்தோட போய் எண்ணினன், அவர் கோவிக்கேல்ல, "எண்ணுங்கோ பிள்ளை" எண்டு றோலை விரிச்சுக் காட்டினவர்.