அசெம்பிள் ஆம்ப் வாங்கறவங்க BD139 ட்ரான்சிஸ்டர் எங்க உக்காந்திருக்குன்னு பாருங்க, என் 7,800 போச்சு

நேத்து ராத்திரி நடந்தது, இன்னும் ஹால்ல கருகின வாடை போகல. ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் பண்ணி விக்கற ஒரு கடைல போன வாரம் 7,800 ரூபா குடுத்து ஸ்டீரியோ ஆம்ப் வாங்கினேன், 5200-1943 அவுட்புட் ட்ரான்சிஸ்டர் ஜோடி, ப்ளஸ் மைனஸ் 45 வோல்ட் சப்ளை. என்னென்ன பாத்து வாங்கணும்னு கடைசில விவரமா எழுதறேன், மொதல்ல நடந்தத கேளுங்க.

வாங்கறப்பவே கேட்டேன், பயாஸ், அதான் பாட்டு இல்லாதப்பவும் அவுட்புட் ட்ரான்சிஸ்டர்ல ஓடற கரண்ட், அத யார் செட் பண்றதுன்னு. கடைக்காரர் என் முன்னாடியே மூடிய கழட்டி, 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர் மேல மீட்டர வச்சு காமிச்சார், 11 மில்லிவோல்ட், அதாவது 50 மில்லிஆம்ப். "பாருங்கண்ணா, கரெக்டா நிக்குது, கண்ண மூடிட்டு எடுத்துட்டு போங்க". அந்த 11-அ பாத்து தான் நான் ஏமாந்தேன். ஆன் பண்ணி ஒரு நிமிஷம் கூட ஆகாத பச்சத்தண்ணி மாதிரி இருந்த ஆம்ப்ல எடுத்த ரீடிங் அது.

நேத்து ஒரு மணி நேரம் நல்ல சத்தமா பாட்டு ஓடுச்சு, அப்புறம் வால்யூம சுத்தமா கொறச்சிட்டு சாப்பிட போனேன். சத்தமே இல்லாம சும்மா நின்ன ஆம்ப் ஹீட்சிங்க்ல கை வைக்க முடியல, நான் ப்ளக்க புடுங்கறதுக்குள்ள லெஃப்ட் சேனல் ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி டிசி நேரா ஸ்பீக்கருக்கு போய் வூஃபர் காயிலும் கருகிடுச்சு.

கடைக்கு ஃபோன் போட்டா "ஸ்பீக்கர் ஒயர ஷார்ட் பண்ணிருப்பீங்க". இல்லங்கன்னா "உங்க ஏரியால கரண்ட் ஏறி இறங்கிருக்கும் சார்". அண்ணா ஒரே வாரத்துல சாரா மாறிடுச்சு. இன்னிக்கு நேர்லயே போனேன், கடைல இருந்தவன் "எரிஞ்ச பொருளுக்கு வாரண்டி இல்ல, மாஸ்டர் வந்தா பேசுங்க"ன்னான், ரெண்டு மணி நேரம் உக்காந்தேன், மாஸ்டர் வரவே இல்ல. ஃபோட்டோ அனுப்பினா ப்ளூ டிக் மட்டும் விழுது. 7,800 ரூபாங்க.

சாயங்காலம் சர்வீஸ் பண்ற நண்பன்கிட்ட தூக்கிட்டு போனேன். மூடிய தொறந்ததும் "மச்சான், 139 எங்கடா இருக்கு பாத்தியா"ன்னான். பயாஸ செட் பண்ற மல்டிப்ளையர் ட்ரான்சிஸ்டர் தான் அந்த 139, அது ஹீட்சிங்க்ல இல்ல, போர்டு நடுவுல காத்தாட நின்னுட்டிருக்கு.

அதுல என்ன தப்புன்னு கேக்கறவங்களுக்கு: அந்த 139 தன்னோட பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜ ரெண்டு ரெசிஸ்டர் வச்சு பெருக்கி, `Vbe × (1 + R1/R2)`, ட்ரைவருக்கும் அவுட்புட்டுக்கும் சேத்து நாலு ஜங்ஷன் தாண்டற அளவுக்கு ரெண்டேகால், ரெண்டரை வோல்ட்டு குடுக்கும். சிலிக்கான் சூடு ஒரு டிகிரி ஏறினா Vbe சுமாரா 2 மில்லிவோல்ட் இறங்கும். 139-உம் அதே ஹீட்சிங்க்ல ஒட்டிருந்தா அதோட Vbe-யும் இறங்கும், பெருக்கி குடுக்கற வோல்ட்டேஜும் கூடவே இறங்கிடும், கரண்ட் ஏறாது. எங்கயோ போர்டுல நின்னா அதுக்கு எப்படி தெரியும் அங்க கொதிக்குதுன்னு? சூடான அவுட்புட் ட்ரான்சிஸ்டருக்கு கம்மி வோல்ட்டேஜே போதும், இது பழைய வோல்ட்டேஜயே குடுத்துட்டிருக்கும், கரண்ட் ஏறிட்டே போகும்.

உயிரோட இருந்த ரைட் சேனல்ல காமிச்சான். குளுர்ந்து இருக்கறப்ப 11 மில்லிவோல்ட். ஹேர் ட்ரையர் வச்சு ஹீட்சிங்க்க மட்டும் ஒரு 30 டிகிரி ஏத்தினான், 37 ஆயிடுச்சு. கிட்டத்தட்ட 170 மில்லிஆம்ப். ப்ளஸ் மைனஸ் ரெண்டும் சேந்த 90 வோல்ட்டோட பெருக்குனா, சும்மா நிக்கறதுக்கே 4.5 வாட்டா இருந்தது 15 வாட். அந்த 15 வாட் இன்னும் சூடாக்கும், சூடு இன்னும் கரண்ட ஏத்தும், அவங்க போட்டிருக்கற அப்பளம் மாதிரி அலுமினியம் எங்கருந்து தாங்கும். பாட்ட நிறுத்தினப்புறமும் சூடு ஏறினது இதனால தான்.

அப்புறம் 139-அ ஒயர் நீட்டி, மைக்காவும் பேஸ்ட்டும் போட்டு ஹீட்சிங்க்ல முறுக்கினான் (பின்னாடி இருக்கற மெட்டல் கலெக்டர், மைக்கா இல்லாம போட்டா அதுவே ஷார்ட்). மறுபடி ஹேர் ட்ரையர். இந்த தடவ ஏறல, 11-லருந்து கீழ தான் இறங்குச்சு. ட்ரைவர் அவ்ளோ சூடாகறதில்ல, மல்டிப்ளையர் நாலு ஜங்ஷனுக்கும் சேத்து கொறைக்குது, அதனால கொஞ்சம் கூடவே இறங்குதாம், அந்தப் பக்கம் தப்பினா பரவால்லயாம். ஒரு ஸ்க்ரூ, ஒரு மைக்கா, மூணு துண்டு ஒயர், அம்பது ரூபா கூட ஆகல. அதுக்கு தான் என் 7,800-உம் வூஃபரும் போச்சு.

சரி எழுதறேன்னு சொன்னது, கோவத்துல கை ஓடல, சுருக்கமா: 139 ஹீட்சிங்க்ல இல்லன்னா வாங்காதீங்க. பச்ச ரீடிங்க நம்பாதீங்க, சத்தமா இருபது நிமிஷம் ஓட்டிட்டு மறுபடி அளக்க சொல்லுங்க. பயாஸ் அட்ஜஸ்ட் பண்ற ப்ரீசெட் 139-ஓட பேஸ்-எமிட்டர் பக்கம் இருக்கணும், கலெக்டர் பக்கம் இருந்தா அது கான்டாக்ட் விட்டுச்சுன்னா பயாஸ் உச்சத்துக்கு போயிடும், என்னோடதுல அதுவும் தப்பா தான் இருந்துச்சு. ஸ்பீக்கர் ப்ரொடெக்‌ஷன் போர்டு இல்லாம நல்ல ஸ்பீக்கர மாட்டாதீங்க. நாளைக்கு திரும்ப கடைக்கு போறேன், மாஸ்டர் வந்தாரான்னு பாக்க.